அனிமே பாணி உருவப்படம்: கண்ணை எவ்வளவு பெரிதாக்கினால் சாயல் தொலையும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்படத்தைப் பார்த்து, அதில் இருப்பவரை அனிமே பாணியில் வரைந்து தருவது சில ஆண்டுகளாக என் வேலை. பிறந்தநாள் பரிசு, திருமணப் பரிசு என்று கேட்டு வருபவர்களும், தாங்களே வரைந்து பழகுபவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவு சொல்லும் இடங்களில், நேராகப் பார்க்கும் ஒரு முகத்தை உச்சந்தலை முதல் மோவாய் வரை 20 செ.மீ. உயரமும் 13.5 செ.மீ. அகலமும் இருக்குமாறு வரைவதாக வைத்துக்கொள்கிறேன்.

கண்ணைப் பெரிதாக்கினாலே ஆள் மாறிவிடுவார்தானே? அப்புறம் எப்படி அனிமேயில் ஒருவரை வரைய முடிகிறது?

ஒருவரை அடையாளம் காணும்போது நாம் அவருடைய உறுப்புகளின் அளவுகளைத் தனித்தனியாக மனத்தில் வைத்திருப்பதில்லை. மற்ற முகங்களிலிருந்து அந்த முகம் எங்கெங்கே விலகி நிற்கிறது என்பதையே வைத்திருக்கிறோம். கேலிச்சித்திரம் இதை வைத்துத்தான் பிழைக்கிறது. சூசன் பிரென்னன் 1985-இல் வெளியிட்ட கணினி முறை, ஒரு முகத்தின் கோட்டோவியத்தைச் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை மட்டும் பெருக்கிக் காட்டியது. அந்த முறையில் உருவான படங்களை வைத்து 1987-இல் நடந்த சோதனையில், அறிமுகமானவர்களின் மிகைப்படுத்தப்பட்ட கோட்டோவியத்தை மக்கள் உள்ளது உள்ளபடியான கோட்டோவியத்தைவிட விரைவாகவே அடையாளம் கண்டார்கள். ஆகவே மிகை என்பது சாயலுக்குப் பகை அன்று.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அனிமேயின் மிகை வேறு திசையில் செல்கிறது. கேலிச்சித்திரம் ஒவ்வொருவரையும் சராசரியிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. அனிமேயோ எல்லோரையும் பெரிய கண், சிறிய மூக்கு, குறுகிய தாடை என்ற ஒரே முகத்தை நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாடு சுருங்கும். சுருங்கிய அளவுக்கு அதை வேறு எங்காவது கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கீழே வரும் பெரும்பாலான விடைகளின் சாரம்.

சரி, எத்தனை மடங்கு வரை பெரிதாக்கலாம்? ஒரு எண் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் உண்டு. முகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண் அகலம் என்ற பழைய கணக்கை எடுத்துக்கொண்டால், நம்முடைய 13.5 செ.மீ. முகத்தில் ஒரு கண் 2.7 செ.மீ. அகலம், இரு கண்களுக்கும் இடையே உள்ள வெளியும் 2.7 செ.மீ. இப்போது ஒவ்வொரு கண்ணையும் அதன் நடுவை மாற்றாமல் ஒன்றரை மடங்கு ஆக்கிப் பாருங்கள். கண் 4 செ.மீ.யைத் தொடும், இடைவெளியோ 1.35 செ.மீ.யாகப் பாதியாகிவிடும். கண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அமைந்தவர் என்று எல்லோரும் அறிந்த ஒருவர், கண்கள் நெருங்கி மூக்கை ஒட்டி நிற்பவராக மாறிப்போவார். "கண்ணைப் பெரிதாக்கினேன், ஆள் மாறிவிட்டார்" என்று சொல்பவர்களின் படங்களில் பெரும்பாலும் குற்றவாளி கண்ணின் அளவு அன்று, இந்த இடைவெளிதான்.

எனவே கண்ணின் உள்முனையை அதன் இடத்திலேயே நிறுத்திவிட்டு, வளர்ச்சி முழுவதையும் கடைக்கண் பக்கம் விட வேண்டும். அப்படிச் செய்தால் இடைவெளி மாறாது. ஆனால் இரண்டு மடங்கு ஆனதும் கடைக்கண் முகத்தின் விளிம்பிலேயே போய் முட்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்; கன்னப் பக்கத்துக்கும் நெற்றிப் பொட்டுக்கும் இடமே இராது. என் கைக்குப் பழகிய எல்லைகள் இவை: அகலம் 1.4 மடங்கு, உயரம் 2 மடங்கு வரை சாயல் தன் காலிலேயே நிற்கும். அகலம் 1.5, உயரம் 3 வரை போனால், புருவமும் மூக்கும் தாடையும் சரியாக இருந்தால் மட்டுமே நிற்கும். அதற்கு மேல் போனால் முகம் அடையாளம் காட்டாது. முடியும் கண்ணாடியும் உடையும்தான் காட்டும்.

அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் ஏற்றினால் தப்பிக்கலாமா?

தப்பிக்க முடியாது, சொல்லப்போனால் அதுதான் கூடுதல் ஆபத்து. திறந்திருக்கும் கண் அகலத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு, உயரத்தில் ஒரு பங்கு. பரவலான அனிமே வார்ப்புகளில் இது நான்குக்கு மூன்று என்றோ, ஏன், சமமாகவோகூட ஆகிவிடுகிறது. நீண்டு ஒடுங்கிய கண்ணுக்கும் உருண்டைக் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. இருவரையும் சமச் சதுரத்துக்குள் அடைத்துவிட்டால், பிறகு கருவிழிக்கு எத்தனை ஒளிப்புள்ளி வைத்தாலும் யாரும் யாராகவும் தெரியமாட்டார்கள். மூன்றுக்கு ஒன்று என்பதை இரண்டுக்கு ஒன்றுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துவது பாதுகாப்பானது.

உயரத்தைக் கூட்டும்போது எந்தப் பக்கம் கூட்டுகிறோம் என்பதும் முக்கியம். மேலிமையின் கோட்டில் ஒருவரின் அடையாளம் நிறைய இருக்கிறது: அது எங்கே உச்சி கொள்கிறது, கடைக்கண்ணில் ஏறுகிறதா இறங்குகிறதா, இமை மடிப்பு தெரிகிறதா மறைகிறதா என்பவை ஆளுக்கு ஆள் மாறும். கீழிமை அவ்வளவு பேசாது. ஆகவே மேலிமையைப் புகைப்படத்தில் இருக்கும் இடத்திலும் சாய்விலும் அப்படியே வைத்துவிட்டுக் கீழிமையைக் கன்னத்தை நோக்கி இறக்குங்கள். மேல்நோக்கி வளர்த்தால் புருவத்துக்கும் இமைக்கும் இடையே உள்ள ஒரு செ.மீ. இடம் தின்னப்பட்டுப் புருவம் நெற்றிக்கு ஏறும். ஆள் எப்போதும் எதையோ கண்டு வியப்பவர்போல் ஆகிவிடுவார்.

கண்ணை விட்டுவிட்டுக் கருவிழியை மட்டும் பெரிதாக்கினால்?

நல்ல வழிதான், நானும் முதலில் அதைத்தான் செய்கிறேன். உண்மையில் கருவிழி கண்ணின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அதைப் பாதிக்கும் சற்று மேலாக ஆக்கினாலே அனிமே தோற்றம் வந்துவிடும்; இமையின் வடிவம் தொடப்படாமல் இருக்கும். ஆனால் கருவிழியின் மேற்பகுதியை இமை கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் மிரண்ட பார்வை வந்துவிடும்.

எங்க அப்பாவை வரைந்தேன், காலேஜ் பையன் மாதிரி வந்துவிட்டார். ஏன்?

சாயல் தொலைவதற்கு முன் வயதுதான் முதலில் தொலைகிறது. குழந்தை பிறக்கும்போதே அதன் கருவிழி பெரியவர்களின் கருவிழி அளவை நெருங்கிவிட்டிருக்கும். முகம்தான் பிறகு வளர்கிறது. அதனால் பெரிய கண், உயர்ந்த நெற்றி, சிறிய மூக்கு, குட்டையான கீழ்முகம் ஆகியவற்றை ஒன்றாகக் கண்டால் மனம் அதைக் குழந்தைமுகம் என்று படித்துவிடுகிறது. விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943-இலேயே இந்தக் கூட்டமைப்பை எழுதி வைத்தார். அனிமே வார்ப்பு ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

ஐம்பது வயதுக்காரரை வரையும்போது அந்தப் பட்டியலில் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். மூக்கின் நீளத்தைக் குறைக்காதீர்கள். மூக்கடியிலிருந்து மோவாய் வரையுள்ள தூரத்தைச் சுருக்காதீர்கள். கண் அகலத்தை 1.2 மடங்குக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். மூக்கோரத்திலிருந்து வாய்முனைக்கு இறங்கும் மடிப்புக்கு ஒரே ஒரு கோடு, அதுவும் பாதி நீளம், போதும். முழுவதும் இழுத்தால் அப்பா தாத்தாவாகிவிடுவார். ஏறிய முன்நெற்றியைப் பாசத்தால் முடி வைத்து மூடிவிடுபவர்கள் பலர். அந்த முடியோடு அப்பாவும் போய்விடுகிறார்.

புருவத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? அனிமேயில் அது ஒரு மெல்லிய கோடுதானே?

எம்ஐடியில் பவன் சின்ஹாவின் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புகழ்பெற்றவர்களின் படங்களில் ஒரு முறை கண்களையும் இன்னொரு முறை புருவங்களையும் அழித்துக் காட்டினார்கள். கண் இல்லாத முகங்களைவிடப் புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காண்பதே மக்களுக்குக் கடினமாக இருந்தது. கண்ணின் மீது நாம் இவ்வளவு கைவைக்கும் ஒரு பாணியில் இது பெரிய வரம்: கண்ணை மாற்றிக்கொள்ளலாம், புருவத்தை மாற்றாமல் இருந்தால்.

எனவே புருவத்தை ஒரே தடிமனுள்ள கோடாக வைக்காதீர்கள். அடர்ந்த புருவத்தை அடர்த்தியாகவே வரையுங்கள். வளைவு எங்கே திரும்புகிறதோ அந்த இடம், இரு புருவங்களுக்கும் நடுவே உள்ள வெளி, ஒரு புருவம் மற்றதைவிட உயர்ந்திருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் தப்பக் கூடாது. கண் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்குப் புருவமும் தடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கண்ணின் கருமை புருவத்தை விழுங்கிவிடும். பொட்டு வைப்பவராக இருந்தால் அது புருவங்களோடு சேர்த்து அளக்க வேண்டிய ஒன்று. வழக்கமாகச் சற்று மேலே வைப்பவருக்குப் புருவநடுவில் வைத்துவிட்டால், வீட்டில் உள்ளவர்களுக்கு ஏதோ இடிக்கும். என்னவென்று சொல்லத் தெரியாது.

மூக்கைப் புள்ளியாக வைத்துவிட்டேன். இப்போ மூக்குத்தியை எங்கே வைக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அனுப்பிய படத்தில் மூக்குத்தி கன்னத்தில் மிதந்துகொண்டிருந்தது. மூக்குத்தி, மீசை, மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றில் எது இருந்தாலும் மூக்குக்கு ஓர் உடல் வேண்டும். முழு மூக்கையும் வரைய வேண்டியதில்லை. மூக்குத்தி இருக்கும் பக்கத்து மடலுக்கு மட்டும் ஒரு சிறு வளைவும், மூக்கடியில் ஒரு நிழலும் கொடுத்தால் அது நிற்க ஓர் இடம் கிடைத்துவிடும்.

மூக்கே ஒருவரின் தனி அடையாளமாக இருந்தால் பாணிக்காக அதைக் காவு கொடுக்காதீர்கள். ஜப்பானிலேயே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1794, 1795-இல் சில மாதங்கள் மட்டும் இயங்கி மறைந்த ஷராகு என்ற ஓவியர், கபுகி நடிகர்களை மரக்கட்டை அச்சில் மிகைப்படுத்தி வரைந்தார். கண்களும் வாயும் சில கோடுகள்தாம். ஆனால் ஒரு நடிகர் எந்த வேடத்தில் வந்தாலும், பெண் வேடத்தில் வந்தாலும்கூட, அவருடைய மூக்கையும் தாடையையும் ஷராகு விட்டுக்கொடுக்கவில்லை. அனிமே பாணியில் மூக்கு புள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் மாநிறம். வெள்ளையா வரைந்தால்தான் அனிமே மாதிரி இருக்குமா?

இல்லை. முகத்தின் எந்தப் பகுதி எதைவிடக் கருமை என்ற வரிசை அடையாளத்துக்கு மிக முக்கியம். பழைய படச்சுருளின் நெகட்டிவில் தெரிந்தவரைக்கூடக் கண்டுபிடிக்கத் தடுமாறுவது அதனால்தான். மாநிறத் தோலில் புருவத்துக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு மிதமானது. கண்ணின் வெண்மையும் பல்லும்தான் பளிச்சிடும். தோலை வெளுத்துவிட்டால் அந்த வரிசை முழுவதும் கலைந்து, புருவம் மை தீட்டியதுபோல் எழுந்து நிற்கும்.

நடைமுறையில், முதலில் கன்னத்தின் நிறத்தைப் புகைப்படத்தின் நிழலும் வெளிச்சமும் இல்லாத பகுதியிலிருந்து எடுத்துத் தோலுக்கு அடியாக வையுங்கள். நிழலுக்குச் சாம்பலைக் கலக்காமல் செம்பழுப்பைக் கலந்தால் தோல் உயிரோடு இருக்கும். கண்ணின் வெண்பகுதியைத் தூய வெள்ளையாக விடாமல் ஒரு படி மங்கலாக்குங்கள். பெரிய கண்ணில் அந்த வெண்பரப்பு ஏற்கெனவே பெருகியிருக்கிறது; தூய வெள்ளையாக விட்டால் கருமையான முகத்தில் கண் மட்டும் வெளியே குதித்து நிற்கும்.

செல்ஃபியைப் பார்த்து அளந்து அளந்துதான் வரைகிறேன். இருந்தும் ஆள் வரவில்லையே?

கை நீட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்தும் காதுகள் ஒடுங்கியும் இருக்கும். அந்தப் படத்தை அளந்து, அதன் மேல் கண்ணையும் பெருக்கினால் ஒரு பிழையின் மேல் இன்னொரு மிகை ஏறுகிறது. ஐந்தடி தள்ளி நின்று, வேறு யாராவது எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, முன்பக்கக் கேமராவில் எடுத்த படங்கள் சில போன்களில் கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கப்படுகின்றன. வகிடும் மச்சமும் மூக்குத்தியும் பக்கம் மாறியிருக்கும். சட்டையில் எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் சட்டைப் பையைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுவதே நல்லது.

அக்கா, தங்கை இரண்டு பேரையும் ஒரே படத்தில் வரைந்தால் இரட்டையர் மாதிரி ஆகிவிடுகிறார்கள். என்ன செய்வது?

இது எனக்கே நேர்ந்தது. ஒரு திருமணப் பரிசுக்காக இரு சகோதரிகளை வரைந்து அனுப்பினேன். அவர்களுடைய அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் யார் பெரியவள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. புடவை நிறத்தை வைத்துத்தான் யார் எவர் என்று தெரியும் நிலையில் படம் இருந்தது. ஏனென்றால் இருவருக்கும் ஒரே கண்வார்ப்பைப் போட்டிருந்தேன்.

மறுபடியும் தொடங்கியபோது, இரு முகங்களையும் ஏறக்குறைய உண்மை அளவுக்கு அச்சிட்டு அளவுகோலை வைத்தேன். அக்காவின் கண் 28 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரம், தங்கையின் கண் 27-க்கு 11. அதாவது அக்காவுக்கு மூன்றுக்குச் சற்று மேல், தங்கைக்கு இரண்டரைக்கு அருகில். பார்ப்பதற்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் அந்த வீட்டில் ஒருவர் "நீளக்கண்ணி", மற்றவர் "முட்டைக்கண்ணி" என்று அழைக்கப்படுவதற்கு அந்த இரண்டு மி.மீ.தான் காரணம். முதல் படத்தில் நான் இருவருக்கும் ஏறக்குறைய 1.3 விகிதத்தைக் கொடுத்திருந்தேன். வேறுபாடு சுத்தமாக அழிந்திருந்தது.

இம்முறை அகலத்தை இருவருக்கும் 1.4 மடங்காக்கினேன். உயரத்தை அக்காவுக்கு இரண்டு மடங்கில் நிறுத்திவிட்டுத் தங்கைக்கு 2.4 மடங்குக்குக் கொண்டுபோனேன். அக்காவின் கண் 39-க்கு 18 ஆயிற்று, தங்கையின் கண் 38-க்கு 26. இப்போது ஒருவருடையது இரண்டுக்கும் மேலான விகிதம், மற்றவருடையது ஒன்றரைக்கும் கீழ். இருவர் கண்களும் பெரிதாகிவிட்டன. அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடும் உண்மையைவிடக் கூடிவிட்டது. கீழுதட்டுக்கு அடியிலிருந்து மோவாய் நுனி வரை அக்காவுக்கு 38 மி.மீ., தங்கைக்கு 31. அக்காவுடையதைத் தொடவில்லை, தங்கையுடையதை 26 ஆகக் குறைத்தேன். அக்காவின் நேர்ப்புருவத்தை இன்னும் நேராக்கினேன், தங்கையின் வளைந்த புருவத்தை இன்னும் வளைத்தேன். கண்ணின் நிறம், ஒளிப்புள்ளி, இமைமயிர் எல்லாம் இருவருக்கும் ஒரே பாணிதான். அம்மாவின் கேள்வி மறுபடி வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த எண்ணும் தனியே புனிதமானது அன்று. யாருடையது யாருடையதைவிட நீளம், யாருக்கு மோவாய் குட்டை என்ற வரிசை ஓரிடத்திலும் தலைகீழாகக் கூடாது. தனியாள் படத்திலும் இதே முறை செல்லும். அப்போது தங்கையின் இடத்தில், நீங்கள் வழக்கமாகப் போடும் அனிமே முகத்தையே வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எல்லா உறுப்பையும் ஒரே அளவில் இழுத்தால் சாயல் கெடுமா?

வியப்பாக, பெரிதாகக் கெடாது. கிரஹாம் ஹோலும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் நடத்திய சோதனைகளில், அறிமுகமான முகத்தின் படத்தை உயரவாக்கில் இரண்டு மடங்கு இழுத்தபோதும் அடையாளம் காண்பது பெரிதும் பாதிக்கப்படவில்லை. முகத்தின் ஒரு பாதியை மட்டும் இழுத்தபோதுதான் பாதிக்கப்பட்டது. கண்ணை மட்டும் பெரிதாக்கும் அனிமே, அந்தப் பாதி இழுத்த முகத்தின் வகையைச் சேர்ந்தது. ஆகவே ஒட்டுமொத்தமாக முகத்தைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ள வேண்டியிருந்தால் அஞ்ச வேண்டாம். அப்படி அகலமாக்கினால் பெரிய கண்ணுக்கு மேலே சொன்ன கடைக்கண் இடமும் கொஞ்சம் கிடைக்கும்.

பெரிய தலையும் குட்டை உடம்புமாக வரையும் சிபி வடிவத்தில் கண் முகத்தில் பாதி இருக்கிறதே, அதில் மட்டும் ஆளைத் தெரிகிறது?

தெரிவது முகமன்று. சின்ஹாவும் தொமாசோ போஜ்ஜியோவும் 1996-இல் ஒரு படம் வெளியிட்டார்கள். அதில் அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் நிற்பதாகத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இருவருக்கும் ஒரே கண், மூக்கு, வாய் ஒட்டப்பட்டிருந்தது; முடியும் தலையின் வடிவமும் சூழலும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டின. இரண்டு மூன்று தலை உயரமே உள்ள சிபி உருவம் இந்த வேலையைத்தான் செய்கிறது.

அதனால் சிபியில் கண்ணை அளந்து நேரத்தை வீணாக்காதீர்கள். முன்நெற்றியில் முடி தொடங்கும் கோடு, வகிடு, பின்னல், தாடியின் எல்லை, கண்ணாடிச் சட்டத்தின் வடிவம் ஆகியவற்றில் மிகச் சரியாக இருங்கள். கண்ணாடிச் சட்டத்தைக் கண்ணோடு சேர்த்துப் பெரிதாக்கலாம். சதுரம் வட்டமாகக் கூடாது. ஆனால் நெருங்கியவர்கள் முகத்தின் உள்ளுறுப்புகளையே அதிகம் நம்புவார்கள், அறிமுகம் குறைந்தவர்கள் முடியையும் முக எல்லையையும் நம்புவார்கள். அலுவலக நண்பர்களைக் கவர்ந்த சிபி, வீட்டில் எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பை எவ்வளவு நீட்டலாம்? கணவன் மனைவி சேர்ந்து நிற்கும் படம்.

வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழு முதல் ஏழரைத் தலை. தலையைப் பெரிதாக்கும் பாணியில் இது ஆறாகவோ ஐந்தரையாகவோ குறையும். அதனால் சாயல் கெடுவதில்லை. இருவருக்கும் ஒரே தலை அளவும் ஒரே தலைக்கணக்கும் கொடுப்பதுதான் கெடுக்கிறது. கணவர் 180 செ.மீ., மனைவி 150 செ.மீ. என்றால், படத்திலும் மனைவியின் உச்சந்தலை கணவரின் உயரத்தில் ஆறில் ஐந்து பங்கில் நிற்க வேண்டும். தோள் அகலம், கழுத்தின் நீளம், கூன் இருந்தால் அந்தக் கூன், எடையை எந்தக் காலில் போட்டு நிற்பார் என்பவற்றை மாற்றாதீர்கள். பருத்தவரை ஒல்லியாக்கிக் கொடுப்பது மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. வாங்குபவர் அதைக் கவனிக்காமல் இருப்பதில்லை.

எனக்குச் சாயல் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. யார் சொல்வது சரி?

மற்றவர்கள் சொல்வதுதான். பல மணி நேரம் புகைப்படத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்த கண்ணுக்கு, இல்லாத சாயலும் தெரியும். "இது உங்கள் தம்பி, சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், பெயரைச் சொன்ன நொடியில் சோதனை முடிந்துவிட்டது. அதே பாணியில் வரைந்த நான்கைந்து பேரின் முகங்களோடு இதையும் சேர்த்து, அந்தக் குடும்பத்தை அறிந்த ஒருவரிடம் காட்டி, தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

தனியாக இருக்கும்போது இரண்டு வழிகள் உதவும். படத்தின் முடியையும் உடையையும் தாளால் மறைத்துவிட்டு முகம் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள்; பிறகு கண்களை மட்டும் மறைத்துப் பாருங்கள். கண்ணை மறைத்த பிறகு சாயல் கூடினால் கண்ணில் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அப்போது இரண்டாம் விடையில் சொன்ன இடைவெளியையும் மூன்றாம் விடையில் சொன்ன மேலிமையையும் முதலில் சரிபாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

வீட்டில் எல்லோரும் "அச்சு அசல்" என்கிறார்கள். வரையப்பட்டவர் மட்டும் "இது நான் இல்லை" என்கிறார். என்ன சொல்வது?

அவர் பொய் சொல்லவில்லை. தன் முகத்தை அவர் பெரும்பாலும் நிலைக்கண்ணாடியில், பக்கம் மாறிய நிலையில்தான் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் நேராகப் பார்த்திருக்கிறார்கள். எந்த முகமும் இரு பக்கமும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் விடையில் சொன்ன முறைப்படி, அவருடைய சற்றே சாய்ந்த வாயையோ உயர்ந்த புருவத்தையோ நாம் கூட்டி வரைந்திருப்போம். அவர் அறிந்த முகத்தில் அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் இருக்கும். அதனால் அவருக்கு அது இரட்டிப்பாக இடிக்கும்.

படத்தைப் பக்கம் மாற்றிப் போனில் அவரிடம் காட்டுங்கள். "ஆமாம், இது நான்தான்" என்றால் படத்தில் பிழையில்லை. நேரான படத்தையே சட்டம் போட்டுக் கொடுத்துவிடலாம். மாற்றிக் காட்டியும் ஒப்பவில்லை என்றால் பெரும்பாலும் அவருக்குப் பிடிக்காத ஏதோ ஓர் உறுப்பை நீங்கள் மிகச் சரியாக வரைந்திருக்கிறீர்கள். அதை எந்த அளவுக்குக் குறைப்பது என்பதை, படத்துக்குப் பணம் கொடுப்பவர் அவரா, அவருடைய வீட்டாரா என்று கேட்டுத்தான் நான் முடிவு செய்கிறேன்.